‘தப்பு என்மேல்தான்’ என்று எழுதலாமா?

நம்பிக்கை: விபத்து நடந்ததும் தப்பை ஒப்புக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

உண்மை: சாலையோரத்தில் முடிந்துவிடலாம், காகிதத்தில் முடியாது. கார் இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று அதில் இருக்கும்.

மாலை நேரம், மழை. நாற்சந்தியில் ஒரு காரும் பைக்கும் மோதிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கார்க்காரர் கிளெய்ம் படிவத்தில், “என் கவனக்குறைவால் பைக்கில் இடித்துவிட்டேன், செலவை ஏற்றுக்கொள்கிறேன்” என்று எழுதுகிறார். பைக்குக்கு எந்த சிக்னல் விழுந்திருந்தது, அதில் விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கவனக்குறைவு யாருடையது, எத்தனை பங்கு என்பது தீர்ப்பாயம் முடிவு செய்யவேண்டியது. அதற்குப் போலீசின் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, கேமரா பதிவு எல்லாம் இருக்கின்றன.

அவர் எழுதியிருக்க வேண்டியது இப்படி: “மாலை 6.40. மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குப் பச்சை விளக்கு. இடப்புறச் சாலையிலிருந்து பைக் வந்தது. பிரேக் பிடித்தேன். காரின் இடது முன்பக்கம் பைக்கின் பின்சக்கரத்தில் பட்டது. ஓட்டியவருக்குக் காலில் அடி, 108-ஐ அழைத்தேன்.” வேகம் நினைவில்லை என்றால் ‘சுமார் 40’ என்று ஊகித்து எழுதவேண்டாம். ‘திடீரென்று குறுக்கே பாய்ந்தான்’ என்பதும் வேண்டாம். அது எதிராளிக்கு எழுதும் தீர்ப்பு.

நம்பிக்கை: அப்படியென்றால் நமக்குப் பாதகமானதை மறைக்கலாம்.

உண்மை: இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விளக்கு சிவப்பு என்றால் சிவப்பு என்றுதான் எழுதவேண்டும். பொய் விவரம் கொடுத்தால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம். விட்டுவிடச் சொல்வது உண்மையை அல்ல, அதன்மேல் நாம் ஒட்டும் ‘என் தப்பு’ என்ற முடிவை.

நம்பிக்கை: அடிபட்டவருக்கு உதவினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகிவிடும்.

உண்மை: ஆகாது. உதவாமல் போவதுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதையும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்வதையும் ஓட்டுநரின் கடமையாக்குகிறது. “ரொம்ப வலிக்குதாங்க? இருங்க, ஆம்புலன்ஸ் வருது” என்று சொல்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

நம்பிக்கை: ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

உண்மை: அவ்வளவு மோசமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 25-வது பிரிவுப்படி, ஒப்புதல் என்பது முடிவான நிரூபணம் அல்ல. பதற்றத்தில் சொன்னேன் என்று விளக்கி, வேறு சாட்சியம் காட்டலாம். ஆனால் அந்த விளக்கம் சொல்லும் சுமை உங்கள் தலையில். அதிலும் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவமோ, இரவில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.