கொஃபியா, கொப்பியா?

பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. யாழ்ப்பாண ஹோட்டல்களில் வரவேற்பு மேசை வேலைக்குப் போக நினைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இந்தப் பாடத்தைத் தருகிறோம்.

ராத்திரி எட்டு மணிக்கு விருந்தினர் வந்தாலும் 'குட் ஈவினிங்' தான். 'குட் நைட்' என்பது விடைபெறும்போது சொல்வது. வாசலில் சொன்னால் வந்தவர் திகைப்பார்.

அடுத்து, 'மே ஐ ஹேவ் யுவர் பாஸ்போட், ப்ளீஸ்?' வெறுமனே 'கிவ் பாஸ்போட்' வேண்டாம். பொலிஸ் கேட்கிற மாதிரி இருக்கும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பாஸ்போட்டைக் கொப்பி எடுக்கணும், குடிக்கக் கொஃபி வேணுமா என்றும் கேட்கணும். நாம் இரண்டையும் 'ப்' போட்டே சொல்லிப் பழகிவிட்டோம். 'வுட் யூ லைக் அ கொப்பி?' என்றால், நகல் வேண்டுமா என்றுதான் வெளிநாட்டவர் காதில் விழும். கொஃபிக்கு மேல் பல்லைக் கீழ் உதட்டில் மெல்ல வைத்து ஊதுங்க. சரியா என்று தெரிய, நடு ஒலியை இழுத்துப் பாருங்க. காற்று நீண்டு வந்தால் கொஃபி; உதடு இரண்டும் மூடிக் காற்று நின்றுபோனால் கொப்பி.

அம்மாவையோ அப்பாவையோ விருந்தாளியாக உட்கார வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பத்துத் தடவை சொல்லிப் பாருங்க.