9.10 என்றால் எத்தனை அடி?

தெலுக் இந்தானிலும், லங்காப், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்திலும் ஆட்டோகேட் படித்த பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்தபடியே பிளான் வரைந்து கொடுக்கிறார்கள். வேலை கொடுப்பவர் சிங்கப்பூரில் இருப்பார். வீடு இங்கே ஏதோ ஒரு தாமானில் இருக்கும். டேப்பைப் பிடிப்பவர் வீட்டில் இருக்கும் அப்பா. அவர் எடுக்கும் அளவு வாட்ஸ்அப்பில் மகனுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வரும். நான் சாய்வு மேசையில் டி-ஸ்கொயர் வைத்து வரைந்து பழகி, பிறகு கணினிக்கு மாறியவன். எங்கள் காலத்தில் வீட்டை நாங்களே போய் அளந்தோம். உங்களுக்கு அது வாய்ப்பதில்லை. அதனால் தம்பி, தங்கச்சி, நான் சொல்வதில் பாதி அந்த டேப்பைப் பற்றித்தான்.

1. "அளவு அனுப்புங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எதை, எங்கிருந்து எங்கே அளப்பது என்று ஒரு தாளில் எழுதி, கையால் ஒரு படமும் போட்டு அனுப்புங்கள். பூச்சு மேலிருந்து பூச்சு வரை, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், அலமாரிக்குப் பின்னால் டேப் வளையாமல் அளக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் நீளம், அகலத்தோடு ஒரு மூலைவிட்டமும் வேண்டும். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மூலைவிட்டம் ஒத்துப்போகவில்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது, அல்லது அளந்தது பிழை. சுவரின் கனத்தைக் கதவு நிலையில் அளக்கச் சொல்லுங்கள், அங்கேதான் அது கண்ணுக்குத் தெரியும். எழுதி அனுப்புவது போதாது. டேப் சுவரைத் தொடும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பாக்கள் முதலில் சலித்துக்கொள்வார்கள், பிறகு பழகிவிடும்.

2. எண்ணை நம்பாதீர்கள், கூட்டலை நம்புங்கள். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 20 அடி அகல மனையில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீடு. பின்பக்கம் இரண்டு படுக்கையறைகள் பக்கத்துப் பக்கம். மகன் அனுப்பிய செய்தியில் "பெரிய ரூம் 9.10, சின்ன ரூம் 9.2" என்று இருக்கிறது.

அப்பா எழுதியது 9 அடி 10 அங்குலம். புள்ளியை அவர் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் வைக்கும் கோடாக நினைக்கிறார். புதிதாக வரைபவர் அதைத் தசமமாக எடுத்து 304.8-ஆல் பெருக்குவார். 9.10 அடி 2,774 மில்லிமீட்டராகிறது, 9.2 அடி 2,804 ஆகிறது. இங்கேயே மணி அடிக்க வேண்டும்: பெரிய ரூம் எப்படிச் சின்ன ரூமைவிடச் சிறியதானது?

அந்த மணி கேட்காதவருக்குக் கூட்டல் சொல்லும். பொதுச்சுவர் பூச்சோடு 6 அங்குலம், அதில் நம் பக்கத்துப் பாதி 3 அங்குலம், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு 3. ஆக, 20 அடியில் உள்ளே மிஞ்சுவது 19 அடி 6 அங்குலம், அதாவது 5,944 மில்லிமீட்டர். நீங்கள் போட்ட இரண்டு அறைகளையும் நடுச்சுவரின் 152 மில்லிமீட்டரையும் கூட்டினால் 5,730தான் வருகிறது. எட்டரை அங்குலம் காணோம். அதையே 9 அடி 10 அங்குலம், 9 அடி 2 அங்குலம் என்று படித்து 6 அங்குல நடுச்சுவரைக் கூட்டிப் பாருங்கள்: 118, 110, 6. மொத்தம் 234 அங்குலம், அதுதான் 19 அடி 6 அங்குலம். மயிரிழை தப்பாமல் பொருந்துகிறது.

வீட்டில் எப்போதும் இப்படிப் பொருந்தாது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் இடிக்கும், அது பூச்சின் மேடுபள்ளம். அதைத் தாண்டினால் வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். நடுச்சுவரைக் கொழுக்க வைத்தோ, ஓர் அறையை இழுத்தோ மூடிவிடாதீர்கள். உங்கள் பிளானை நம்பி யாராவது சுவர் முழுக்க அடைக்கும் அலமாரிக்குப் பலகை வெட்டினால், விடுபட்ட எட்டரை அங்குலம் அங்கே வெறும் சந்தாக நிற்கும்.

3. பரிமாண எண்ணை மேலெழுதாதீர்கள். கோட்டின் நீளம் 2,990 என்று மென்பொருள் காட்டும், நமக்கு வேண்டியது 2,997. எண்ணின் மேல் சொடுக்கி 2,997 என்று தட்டிவிடுவது சுலபம். அதன் பிறகு அந்தக் கோப்பில் எந்த எண் உண்மை, எது தட்டியது என்று உங்களுக்கே தெரியாது. வேறொருவரின் கோப்பு கைக்கு வந்தால், சந்தேகமான பரிமாணத்தின் எழுத்தில் `<>` போட்டுப் பாருங்கள். அளந்த எண் திரும்பிவரும், குட்டும் வெளிப்படும்.

4. வீடு வாங்கிய பத்திரத்தோடு இணைத்திருக்கும் பழைய பிளானின் படம் வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். நகலெடுத்து நகலெடுத்து "1:100" என்ற எழுத்து மட்டும்தான் அப்படியே இருக்கும், படம் சுருங்கியிருக்கும். கைப்பேசியில் சாய்வாக எடுத்திருந்தால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் பிழையாகவும் வரும். உள்ளே கொண்டுவந்து, தெரிந்த ஒரு நீளத்துக்கு `SCALE` கட்டளையின் `R` தெரிவால் சரிசெய்யுங்கள். பிறகு குறுக்குத் திசையில் தெரிந்த இன்னொரு நீளத்தை `DIST` போட்டுப் பாருங்கள். இரண்டாவது ஒத்து வராவிட்டால் அந்தப் படம் அறைகளின் வரிசையை அறிய மட்டுமே உதவும்.

5. இங்கே வரும் வேலையில் பெரும்பகுதி பின்பக்கம் அடுக்களையை இழுப்பதுதான். இதில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பின்னறையின் ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்திருக்கும். அடுக்களையை மனையின் முழு அகலத்துக்கும் இழுத்தால் அந்த ஜன்னல் அடுக்களைக்குள் திறக்கும். சம்பல் தாளிக்கும் புகை படுக்கையறைக்குப் போகும், வெளிச்சம் போய்விடும். 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்கள் இதற்குக் கணக்கு வைத்திருக்கின்றன: அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும், காற்று தடையின்றி வர 5 விழுக்காடாவது திறக்க வேண்டும்.

அதே சின்ன ரூமை எடுத்துக்கொள்வோம். 9 அடி 2 அங்குலத்துக்கு 10 அடி, ஏறக்குறைய 92 சதுர அடி. வானத்தைப் பார்க்கும் ஜன்னல் ஒன்பது சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், 3 அடிக்கு 3 அடி ஜன்னல் மயிரிழையில் போதாது. "மூன்றடி சந்து விட்டுவிடலாம் அங்கிள்" என்பார்கள். காற்றுக்கிணறு என்று எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது, அதற்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. சந்து அந்த அளவை எட்டாது. எனக்குப் பிடித்த வழி, சின்ன ரூமுக்குப் பின்னால் முற்றத்தைத் திறந்தபடி விட்டு, அடுக்களையைப் பெரிய ரூம் பக்கம் மட்டும் இழுப்பது. அப்படியானால் பெரிய ரூமின் ஜன்னலுக்கு என்ன வழி என்று உடனே அடுத்த கேள்வி வரும். மூலைவீடாக இருந்தால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்கலாம். மேலே கணக்குப் போட்ட வீட்டைப் போல நடுவீடாக இருந்தால் அறையையே இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு வழியையும் வரைந்து காட்டுங்கள். "அடுக்களை பெரிசா வேணும்" என்ற அம்மாவின் ஆசைக்கு என்ன விலை என்று அந்தக் குடும்பம் கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடட்டும்.

சாமி மேடை, வாஸ்து பற்றி நான் வாதாடுவதில்லை. எந்த மூலை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது திருத்தத்தில் அது தெரியவருவதுதான் கொடுமை.

6. நீங்கள் தருவது கருத்துப் பிளான். கட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். தெலுக் இந்தானில் அது நகராண்மைக் கழகம். அங்கே சமர்ப்பிப்பவர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞராகவோ, சிறிய வேலையென்றால் பதிவுபெற்ற கட்டட வரைவாளராகவோ இருக்க வேண்டும். தலைப்புக் கட்டத்திலேயே "அனுமதிக்குச் சமர்ப்பிக்க அல்ல, அளவுகள் வீட்டுக்காரர் தந்தவை" என்று எழுதிவிடுங்கள். தூண், அடித்தளம், கம்பி எதையும் வரையாதீர்கள். 1885-இல் எழும்பிய நம் ஊர்க் கோபுரம் இளகிய மண்ணால் சாய்ந்து நிற்கிறது, சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அடுக்களை வீட்டைவிட்டுப் பிரிந்து, சந்திப்பில் விரிசல் விழுந்தால் யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். அது பொறியாளரின் வேலை, அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. திருத்தம் மூன்று வகை. உங்கள் பிழையை எத்தனை முறையானாலும் இலவசமாகத் திருத்துங்கள். வீட்டுக்காரர் மனம் மாறினால் இரண்டு சுற்று விலைக்குள், அதற்கு மேல் மணிக்கணக்கு. மூன்றாவதுதான் சண்டை வரும் இடம்: அவர் கொடுத்த அளவு பிழையாக இருந்தது. அதற்காகத்தான் அளவெல்லாம் போட்ட "இருக்கும் நிலை" பிளானை முதலில் தனியாக அனுப்பி, "இது சரி" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு புதிய அடுக்களையை வரையச் சொல்கிறேன். அந்த ஒற்றை வரிப் பதிலுக்குப் பிறகு வரும் அளவு மாற்றம் கட்டண வேலை. ஒரு சுற்று என்றால் எல்லாத் திருத்தத்தையும் ஒரே தாளில் வாங்குவது. காலையில் ஒன்று, இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவில் ஒன்று என்று வாங்கினால் அது சுற்றே அல்ல. கோப்பின் பெயரில் R0, R1, R2 என்று போடுங்கள். "கடைசி", "கடைசி புதுசு" என்று பெயர் வைத்தால் கொண்ட்ராக்டர் கையில் பழையதுதான் போய்ச் சேரும்.

8. விலையை மணியில் கட்டுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு அளவு சரிபார்க்க ஒரு மணி, இருக்கும் நிலை வரைய இரண்டு, புதியது வரைய இரண்டு, பேச்சுக்கு ஒன்று, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு இரண்டு. எட்டு மணி நேரம். மணிக்கு 25 வெள்ளி வைத்தால் 200 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8.17. வெளிநாட்டுத் தளத்தில் 5 அமெரிக்க டாலருக்குப் பிளான் என்று பலகை மாட்டினால், 20 விழுக்காடு கழிவு போக 4 டாலர், பதினாறு பதினேழு வெள்ளி. எட்டு மணிக்குப் பிரித்துப் பாருங்கள், கடையில் சாமான் அடுக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில் கால்வாசிதான். அந்த விலைக்கு வரைபவர் அளவைக் கூட்டிப் பார்க்க மாட்டார், பார்க்கவும் முடியாது.

கல்வி உரிமத்தில் வந்த ஆட்டோகேடைக் காசு வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. சந்தா கட்ட முடியாத முதல் வருடத்துக்கு லிப்ரேகேட் இலவசம், DXF கோப்பாகச் சேமிக்கும், தரைப்பிளானுக்குப் போதும். சந்தா கட்டத் தொடங்கினால் அதையும் மணி விலைக்குள் ஏற்றுங்கள்.

பாதியை முன்பணமாக வாங்குங்கள், அப்பாவிடம் அளவுத் தாளை அனுப்புவதற்கு முன்பே. முழுப்பணம் வரும்வரை PDF மட்டும், மேலே "பார்வைக்கு" என்று போட்டு. திருத்தக்கூடிய கோப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதை விலை பேசும் நாளிலேயே கேட்டு எழுதிவையுங்கள். பாதிப்பேருக்கு அது எதற்கென்றே தெரியாது, வேண்டாம் என்பார்கள். கொண்ட்ராக்டர் கேட்டதும் திரும்பி வருவார்கள்.