நிலை 2 சான்றும் சம்பளப் பேச்சும்

மணவாளக்குறிச்சியிலிருந்து சோதனைத் தொழிலுக்கு வந்துள்ள இளம் ஆய்வாளருக்கு,

ஐ.ஆர்.இ. என்று ஊரார் சுருக்கமாக அழைக்கும் கடல்மணல் ஆலை அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கு உரியது என்பதால், அங்கே நிரந்தரத் தொழிலாளரின் ஊதியம் நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தாலும், பதவி உயர்வு எழுதி வைத்த விதிகளாலும் முடிவாகிறது. தனி ஒருவர் மேலாளரின் அறைக்குள் சென்று தம் சம்பளத்தைப் பேசி உயர்த்திக்கொள்ளும் வழக்கத்துக்கு அங்கே பெரிதாக இடமில்லை. அந்த ஆலையை நம்பி வளர்ந்த வீடுகளில் சான்றிதழ் கிடைத்ததும் அதன் நகலை ஒரு மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லும் பெரியவர்களின் அறிவுரை, அந்த ஏற்பாட்டுக்குள் முற்றிலும் பொருத்தமானதே. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் குழாய்ப்பாதைப் பணிகளுக்கும் ஆள் அனுப்பும் தனியார் சோதனை நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அந்த அறிவுரை உதவாது. அங்கே விதிப்புத்தகத்தின் இடத்தில் கணக்குப்புத்தகம் இருக்கிறது.

சிதைவிலாச் சோதனை, அதாவது தொழிலில் எல்லோரும் என்.டி.டி. என்று சொல்வது, பற்றவைத்த இணைப்பையோ குழாயையோ வெட்டாமலும் உடைக்காமலும் அதன் உள்ளிருக்கும் குறையைக் கண்டறியும் முறைகளின் தொகுதியாகும். மீயொலி, கதிர்ப்படம், காந்தத்துகள், ஊடுருவு திரவம் ஆகியவை அவற்றுள் அதிகம் புழங்குபவை. இவற்றைச் செய்வோர் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். நிலை 1 பெற்றவர் எழுதிக் கொடுத்த அறிவுறுத்தலின்படி கருவியை இயக்குவார். நிலை 2 பெற்றவர் கருவியை அளவுத்திருத்தம் செய்து, திரையில் தெரியும் எதிரொலியைப் பொருள்கொண்டு, உரிய விதித்தொகுப்பின்படி இணைப்பை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவுசெய்து அறிக்கையில் கையெழுத்திடுவார். நிலை 3 பெற்றவர் செயல்முறைகளை வகுத்து, மற்றவர்களுக்குத் தேர்வு நடத்துவார். நிலை 1-க்கும் நிலை 2-க்கும் இடையே உள்ள வேறுபாடு பணத்தின் மொழியில் அந்தக் கையெழுத்துதான். சம்பளப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே அமைய வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் தவறவிடும் ஒரு நுட்பம் சான்றை வழங்குபவர் யார் என்பதில் இருக்கிறது. இந்தியாவிலும் வளைகுடாவிலும் பரவலாகப் பின்பற்றப்படும் எஸ்.என்.டி.–டி.சி.–1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரை நடைமுறையின்படி, ஊழியருக்குச் சான்று வழங்கும் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துடையதாகும். நிறுவனம் தன் ஆட்களுக்கு எவ்வளவு பயிற்சியும் அனுபவமும் வேண்டும், தேர்வு எப்படி நடக்கும் என்பதை ஓர் ஆவணமாக எழுதி வைத்திருக்கும். ஊழியர் அந்த ஆவணத்தின் தேவைகளை நிறைவேற்றிய பின்னரே சான்று செல்லுபடியாகிறது. ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சில வாரப் பயிற்சியை முடித்துப் பெற்றுவந்த நிலை 2 தாள், பயிற்சியும் தேர்வும் முடிந்தன என்பதற்கு மட்டுமே ஆதாரமாகும். அதை மேசைமீது வைத்து உயர்வு கேட்பவரிடம், நிறுவனத்தின் நிலை 3 வல்லுநர் அனுபவ மணிக்கணக்கைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஐ.எஸ்.ஓ. 9712 தரத்தின்படி சுயேச்சையான அமைப்பு ஒன்று வழங்கும் சான்று ஊழியரோடு நிறுவனம் விட்டு நிறுவனம் செல்லக்கூடியது என்றாலும், அங்கும் பணியைச் செய்வதற்கான அங்கீகாரத்தை வேலை தருபவரே எழுத்தில் அளிக்க வேண்டும். எனவே முதலில் கேட்கத் தக்கது அங்கீகாரம். சம்பளம் அதற்கு அடுத்தபடி.

அங்கீகாரத்துக்கு வேண்டிய முதல் ஆதாரம் பணி நேரப் பதிவேடாகும். மேற்சொன்ன பரிந்துரை நடைமுறை மீயொலிச் சோதனையில் நிலை 1-க்கு 210 மணி நேரமும் நிலை 2-க்கு 630 மணி நேரமும் அந்த முறையிலேயே பெற்ற அனுபவத்தைக் குறிப்பிடுகிறது. பயிற்சியோ ஒவ்வொரு நிலைக்கும் 40 மணி நேரமாகும். நிறுவனத்தின் சொந்த ஆவணம் இதை மாற்றி அமைத்திருக்கலாம் என்பதால் அந்த ஆவணத்தையே முதலில் படிக்க வேண்டும். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் தேதி, பணியிடம், சோதித்த பொருளும் அதன் தடிமனும், பயன்படுத்திய முறை, செலவிட்ட மணி, மேற்பார்த்தவரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். பதிவேடு பொய்யா மெய்யா என்பதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ளவருக்கு அதிக நேரம் ஆகாது. 8 மணி நேர ஷிப்டில் 8 மணியும் மீயொலிச் சோதனை என்று எழுதியிருந்தால், பணி அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்த நேரமும் சாரம் கட்டிய நேரமும் எங்கே போயின என்ற கேள்வி உடனே எழும்; ஒரே நாளில் இரண்டு ஊர்ப் பணியிடங்கள் வந்திருந்தால் வருகைப்பதிவேடு அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாளுக்கு நான்கு மணி என்று நேர்மையாக எழுதிய பதிவேடு மெதுவாக நிறையும், ஆனால் எந்தக் கேள்விக்கும் நிற்கும். அதோடு, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய அண்மைப் பார்வைச் சோதனையின் முடிவும், பொது, சிறப்பு, செய்முறை என்ற மூன்று தேர்வுகளின் மதிப்பெண்களும் இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 விழுக்காடும் கூட்டுச் சராசரியில் 80 விழுக்காடும் வேண்டும் என்பது அந்த நடைமுறையின் அளவு.

அங்கீகாரம் கிடைத்த மறுநாளே உயர்வு கேட்பதைவிட, சில மாதங்கள் கையெழுத்திட்ட பின்னர் கேட்பது வலுவானது. அப்போதுதான் இரண்டாம் வகை ஆதாரம் உருவாகிறது. மணல் மூட்டையை வாங்குபவர் அதன்மேல் எழுதிய இல்மனைட் என்ற பெயருக்குப் பணம் தருவதில்லை, பகுப்பாய்வு அறிக்கை காட்டும் தரத்துக்கே தருகிறார்; ஆய்வாளரின் பகுப்பாய்வு அறிக்கை அவர் எடுத்த முடிவுகள் பின்னர் சரியென நிரூபணமான வரலாறே. ஓர் இணைப்பின் வேர்ப்பகுதியிலிருந்து குறிப்பிட்ட ஆழத்தில் முழுமையாக இணையாத இடம் இருப்பதாக அவர் அறிக்கை எழுதி, பற்றவைப்பவர் அந்த இடத்தைத் தோண்டியபோது குறை அங்கேயே வெளிப்பட்டிருந்தால், அந்தப் பழுதுபார்ப்புக் குறிப்பின் எண் பட்டியலில் இடம்பெற வேண்டும். தோண்டியும் ஒன்றும் கிடைக்காத இடங்களும் இருக்கும். பற்றவைப்பின் வடிவத்திலிருந்து வரும் எதிரொலியைக் குறையென எண்ணிவிடுவது மீயொலியில் வழக்கமான பிழையாகும். அவற்றையும் பட்டியலில் சேர்ப்பது நல்லது, ஏனெனில் தவறான எச்சரிக்கைகள் மாதத்துக்கு மாதம் குறைந்திருப்பது தேர்ச்சிக்குச் சாட்சியாகும்; வெற்றிகள் மட்டுமே நிறைந்த பட்டியலை எந்த நிலை 3 வல்லுநரும் நம்பமாட்டார். வாடிக்கையாளருக்குச் சொந்தமான அறிக்கைகளின் நகலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் கைபேசியில் படமெடுத்து வைப்பதும் ஒப்பந்த மீறலாகிவிடும்; அறிக்கை எண், தேதி, முடிவு என்ற மூன்று பத்திகள் போதும், மூலம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

மூன்றாம் ஆதாரம்தான் தொகையைத் தீர்மானிக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். எண்களின் இடத்தில் அவரவர் நிறுவனத்தின் உண்மை எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். இளம் ஆய்வாளரின் மாதச் சம்பளம் 22,000 ரூபாய் என்றும், அவர் நிலை 1-இல் இருந்தவரை நிறுவனம் அறிக்கையில் கையெழுத்திட மாதம் 6 ஷிப்டுகளுக்கு வெளியிலிருந்து நிலை 2 ஆய்வாளரை ஷிப்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்து அழைத்தது என்றும் கொண்டால், இப்போது அந்த 15,000 ரூபாய் மிச்சமாகிறது. பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு முழுத் தொகையையும் கேட்டுவிடுகின்றனர். ஆனால் அவர் கையெழுத்திடுபவராக மாறிய ஷிப்டுகளில் முன்பு அவர் செய்த உதவியாளர் வேலைக்கு வேறொருவர் வேண்டும். அவருக்கு ஷிப்டுக்கு 900 ரூபாய் என்றால் 5,400 ரூபாய் கழிகிறது. எஞ்சுவது 9,600 ரூபாய். இதில் ஏறத்தாழப் பாதியை, அதாவது 5,000 ரூபாயை உயர்வாகக் கேட்டால், மீதியை நிறுவனம் வைத்துக்கொள்கிறது. கேட்கும் இடத்திலேயே இருவருக்கும் ஆதாயம் இருப்பதால் மறுப்பது கடினமாகிறது. உதவியாளரின் செலவைத் தாமே கழித்துக் காட்டும் ஊழியரை மேலாளர் மதிப்பார் என்பது ஒருபுறமிருக்க, அந்தக் கழிவை மேலாளர் முதலில் சொல்லிவிட்டால் ஊழியரின் மீதி எண்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

வெளியாளை அழைக்கும் வழக்கமே இல்லாத நிறுவனத்தில் இந்தக் கணக்கு வேறு வடிவம் பெறும். வாடிக்கையாளரோடு செய்த விலைப்பட்டியலில் நிலை 1-க்கும் நிலை 2-க்கும் தனித்தனி நாள் வீதம் இருந்தால், அந்த வேறுபாடே அடிப்படை. ஆனால் விலைப்பட்டியல் இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று அமைந்து, தேவைக்கு மேலாகவே நிலை 2 ஆட்கள் ஏற்கெனவே இருந்தால், புதிய சான்றினால் நிறுவனத்துக்கு உடனடி வருவாய் எதுவும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் கேட்கத் தக்கது, கையெழுத்திடும் வாய்ப்புள்ள பணியிடத்துக்கு மாற்றமும், உயர்வை மறுபடி பேசுவதற்கான ஒரு தேதியும்தான்.

காலம் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. நிறுவனம் புதிய ஒப்பந்தப்புள்ளியில் தன் ஆய்வாளர்களின் தகுதி விவரங்களை இணைக்கும்போதும், ஷட்டவுன் எனப்படும் ஆலைப் பராமரிப்பு நிறுத்தத்துக்கு ஆட்களின் பட்டியலை வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு அனுப்பும்போதும் நிலை 2 பெயர்கள் தேவைப்படுகின்றன. அதற்கு மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகப் பேசுவது பொருத்தம். ஷட்டவுன் நடுவே வேலையை நிறுத்துவேன் என்று சொல்லிப் பெற்ற உயர்வு அடுத்த ஆள் கிடைக்கும்வரை மட்டுமே நீடிக்கும்.

வளைகுடா அழைப்பைக் காட்டிப் பேசுவது குமரி மாவட்டத்தில் புதிதன்று. ஆனால் வேலை தருபவர் அளித்த சான்று அந்த வேலையோடு முடிந்துவிடுவதால், புதிய நிறுவனம் பழைய பதிவுகளைப் பார்த்து மறுபடியும் சான்றளிக்க வேண்டியிருக்கும். பயிற்சி, தேர்வு, அனுபவம் ஆகியவற்றின் பதிவுகளுக்கு நகல் கையில் இல்லாதவரின் மிரட்டலுக்கு வலு இல்லை. தேர்வுக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தியிருந்தால், குறிப்பிட்ட காலம் பணியில் தொடர்வதாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய பணிக்கால நிபந்தனையையும் அதை மீறியதற்கான 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் செல்லும் என்று ஏற்றிருக்கிறது. கட்டணத்தைத் தாமே செலுத்தியவர் ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்; உயர்வு மறுக்கப்பட்டாலும் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்பது பல இடங்களில் எளிதாக நிறைவேறுகிறது.

உடன்பாடு ஏற்பட்டபின் உயர்வு எந்தத் தலைப்பில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பணியிடப் படி என்ற பெயரில் தரப்படும் 5,000 ரூபாய், பணியிடத்திலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பிய மாதத்தில் காணாமல் போகும். அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்த 3,500 ரூபாய், பணிக்கொடைக் கணக்கிலும் பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதியிலும் சேர்ந்து, அடுத்த உயர்வுக்கும் அடித்தளமாகிறது. ஆணையில் புதிய பதவிப்பெயரும், கையெழுத்திட அங்கீகரிக்கப்பட்ட சோதனை முறைகளும், நடைமுறைக்கு வரும் தேதியும், ஐந்தாண்டு முடிவில் வரும் மறுசான்றுச் செலவை ஏற்பவர் யார் என்பதும் எழுத்தில் இடம்பெறும்வரை பேச்சு முடிந்ததாகக் கொள்ள வேண்டாம்.