பணி வரிசையும் மீள்முயற்சியும்: வலையமைப்பு துண்டிக்கப்படும்போது நடப்பது என்ன?

மாணவர்களே, தொலைபேசிக்கு 500 ரூபா ரீலோட் செய்கிறீர்கள். பணம் கழிந்துவிட்டது. ஆனால் "வெற்றி" என்ற செய்தி வரவில்லை. மறுபடி அழுத்தலாமா, காத்திருக்கலாமா? இதே சிக்கல் மனிதரின்றி இயங்கும் கணினிச் செய்நிரலுக்கும் ஏற்படுகிறது. அது எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. பணி வரிசை தொழிற்படும் முறை

கடைகளிலிருந்து வரும் ரீலோட் கோரிக்கைகள் முதலில் ஒரு சேவையகத்தில் வரிசையாகச் சேமிக்கப்படும். இதுவே பணி வரிசை. இன்னொரு கணினியில் இயங்கும் செய்நிரல் அவ்வரிசையிலிருந்து ஒவ்வொரு பணியாக எடுத்து, தொலைபேசி நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பும். இச்செய்நிரலைப் பணியாள் என அழைப்போம். வேலை அதிகமெனில் பல பணியாள்கள் ஒரே வரிசையிலிருந்து எடுக்கலாம்.

பணியை வரிசையிலிருந்து எப்போது அழிப்பது? இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

(அ) எடுத்தவுடன் அழித்தல்: பணியாள் இடையில் நின்றுபோனால் அப்பணி எங்கும் இல்லை. வாடிக்கையாளருக்கு ரீலோட் கிடைக்காது.
(ஆ) முடித்த பின் அழித்தல்: பணி தொலையாது. ஆனால் இரு தடவை நடைபெறக்கூடும்.

பெரும்பாலான பணி வரிசைகள் இரண்டாம் வழியையே பின்பற்றுகின்றன. தொலைந்த பணியை மீட்க வழியில்லை. இரு தடவை நடைபெறுவதைத் தடுக்க வழியுண்டு என்பதே காரணம்.

அமேசான் நிறுவனத்தின் எஸ்.கியூ.எஸ். என்னும் வரிசைச் சேவையை உதாரணமாகக் கொள்வோம். பணியாள் ஒரு பணியை எடுத்ததும் அது அழிக்கப்படுவதில்லை. மற்றப் பணியாள்களுக்குத் தெரியாதவாறு மறைக்கப்படுகிறது. நாம் மாற்றாவிடின் இந்த மறைப்பு நேரம் 30 செக்கன்கள். அதற்குள் பணியாள் `DeleteMessage` என்னும் கட்டளையை அனுப்பினால் பணி அழியும். அனுப்பாவிடின் பணி மீண்டும் வெளிப்படும். வேறொரு பணியாள் அதை எடுக்கலாம்.

2. வலையமைப்பு துண்டிக்கப்பட்ட ஒரு சந்தர்ப்பம்

பணி இலக்கம் 417: ஒரு தொலைபேசிக்கு 500 ரூபா ரீலோட். பணியாள் பதிலுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம் 10 செக்கன்கள். டைம் அவுட் என்பது இந்த நேர எல்லையே.

10:00:00 – முதலாம் பணியாள் பணி 417ஐ எடுக்கிறது. பணி மறைக்கப்படுகிறது.
10:00:02 – கோரிக்கையைத் தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்புகிறது.
10:00:04 – நிறுவனம் 500 ரூபாவைச் சேர்க்கிறது. பதில் புறப்படும் வேளை வலையமைப்பு துண்டிக்கப்படுகிறது.
10:00:12 – நேர எல்லை முடிகிறது. பணியாள் இதைத் தோல்வி எனக் கருதி விட்டுவிடுகிறது. பணி அழிக்கப்படவில்லை.
10:00:30 – பணி 417 மீண்டும் வெளிப்படுகிறது. இரண்டாம் பணியாள் எடுத்து அனுப்புகிறது. இன்னொரு 500 ரூபா சேர்கிறது.

வாடிக்கையாளருக்குக் கிடைத்தது 1000 ரூபா. கடைக்காரரின் கணக்கிலும் இரு தடவை கழிந்திருக்கும்.

தவறு எங்கே? 10:00:12 மணிக்குப் பணியாளுக்கு உண்மையில் தெரிந்தது "பதில் வரவில்லை" என்பது மட்டுமே. கோரிக்கை போய்ச் சேராதிருக்கலாம். சேர்ந்து வேலை நடந்துகொண்டிருக்கலாம். வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். பணியாளின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்.

கவனிக்க: நேர எல்லை முடிவது தோல்வி அன்று. அது "தெரியாது" என்ற நிலையாகும்.

3. இரட்டிப்பைத் தடுத்தல்

ஒவ்வொரு கோரிக்கையுடனும் ஒரு தனித்த அடையாள இலக்கம் அனுப்பப்பட வேண்டும். தொலைபேசி நிறுவனம் பணம் சேர்க்கும்போது அவ்விலக்கத்தையும் தனது தரவுத்தளத்தில் பதிகிறது. அதே இலக்கத்துடன் கோரிக்கை மறுபடி வந்தால் பணம் சேர்க்காது, முன்னைய விடையையே திருப்பி அனுப்புகிறது. அப்போது இரண்டாம் பணியாள் அனுப்பினாலும் மொத்தம் 500 ரூபாவே.

மாணவர்கள் வழமையாக விடும் பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய இலக்கம் உருவாக்கினால் நிறுவனம் அவற்றை வெவ்வேறு கோரிக்கைகளாகவே கருதும். ஆகவே இலக்கம் பணி வரிசையில் சேரும்போதே உருவாக்கப்பட்டு, எல்லா முயற்சிகளிலும் மாறாதிருக்க வேண்டும். மேலும், பணம் சேர்த்தலும் இலக்கம் பதிதலும் ஒரே பரிமாற்றமாக, இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்றவாறு அமைய வேண்டும்.

4. எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில்?

துண்டிப்பு சில செக்கன்களில் சரியாகலாம். ஆகவே பணியாள் தானே சில தடவை மீள முயலலாம். இடைவெளியை 1, 2, 4, 8 செக்கன்கள் என இரட்டிப்பாக்குவது வழக்கம். இல்லாவிடின் தடுமாறும் சேவையகத்தின்மேல் கோரிக்கைகள் குவியும். இணைப்பு மீண்டவுடன் 200 பணியாள்கள் ஒரே கணத்தில் அனுப்பாதிருக்க, ஒவ்வோர் இடைவெளியையும் எழுமாறாகச் சிறிது மாற்றுவர்.

எல்லாத் தவறுகளுக்கும் மீள முயலக்கூடாது. சேவையகம் 503 எனப் பதில் அனுப்பினால் அது தற்காலிகச் சிக்கல், பின்னர் முயலலாம். தொலைபேசி இலக்கமே பிழையென 400 வந்தால் நூறு தடவை அனுப்பினாலும் பயனில்லை. இத்தகைய பணிகளையும், குறித்த தடவைகள் முயன்றும் முடியாத பணிகளையும் வேறொரு வரிசைக்கு மாற்றி, ஒருவர் பார்வையிட வைக்க வேண்டும்.

5. மாதிரி வினா

ஒரு பணியாள் பணியை எடுத்தவுடன் முயலத் தொடங்குகிறது. நேர எல்லை 10 செக்கன்கள். மொத்தம் மூன்று முயற்சிகள்; இடைவெளிகள் முறையே 1, 2 செக்கன்கள். வரிசையின் மறைப்பு நேரம் 30 செக்கன்கள்.

(i) மூன்று முயற்சிகளும் பதிலின்றி முடிய எடுக்கும் நேரம் யாது?
(ii) இதனால் ஏற்படும் பிரச்சினை யாது?
(iii) தீர்வு ஒன்று தருக.
(iv) இப்பிரச்சினையைப் பதிவேட்டில் எவ்வாறு இனங்காணலாம்?

விடை:

(i) 10 + 1 + 10 + 2 + 10 = 33 செக்கன்கள்.

(ii) இது 30ஐ விடக் கூடியது. முதலாம் பணியாள் 23ஆம் செக்கனில் தொடங்கிய மூன்றாம் முயற்சியில் இருக்கும்போதே, 30ஆம் செக்கனில் பணி வெளிப்பட்டு இன்னொரு பணியாளுக்குப் போகலாம். இருவரும் ஒரே பணியை ஒரே நேரத்தில் செய்வர்.

(iii) நேர எல்லையை 5 செக்கன்களாக்கினால் 5 + 1 + 5 + 2 + 5 = 18 செக்கன்கள்; 12 செக்கன்கள் மீதி. ஆனால் நிறுவனம் சில வேளைகளில் பதிலளிக்க 7 செக்கன்கள் எடுக்குமாயின், வெற்றியடையும் கோரிக்கையையும் பணியாள் கைவிட்டுவிடும். அப்போது நேர எல்லையைக் குறைக்காது, மறைப்பு நேரத்தை 60 செக்கன்களாகக் கூட்டுவதே பொருத்தம்.

(iv) ஒரே பணி இலக்கம் ஏறத்தாழ 30 செக்கன் இடைவெளியில் இரு தடவை எடுக்கப்பட்டிருக்கும். முதற்பணியாளின் முயற்சி முடிந்ததாகப் பதிவு இருக்குமுன்னரே இரண்டாவது தொடங்கியிருக்கும்.

குறிப்பு: மறைப்பு நேரத்தைச் சரியாகக் கணித்தாலும் அடையாள இலக்கத்தைக் கைவிட முடியாது. ஏனெனில் ரீலோட் வெற்றியடைந்த பின்னர் `DeleteMessage` கட்டளை செல்லும் வழியிலேயே வலையமைப்பு துண்டிக்கப்படலாம். அப்போதும் பணி மீண்டும் வெளிப்படும். விடை எழுதும்போது இவ்விரண்டையும் சேர்த்தே குறிப்பிடுக.