இயந்திரம் வரைந்த முகமும் படத்துக்குள் எழுத வேண்டிய குறிப்பும்

ஒருவரின் ஒளிப்படத்தைக் கைப்பேசிச் செயலியிடம் கொடுத்து, அதனை நீர்வண்ண ஓவியமாகவோ ஜப்பானிய உயிரூட்டப் படத்தின் சாயலிலோ மாற்றிப் பெறுவது, 2025 மார்ச் இறுதியில் பரவிய 'கிப்லி' மோகத்துக்குப் பின் பள்ளி மாணவர்க்கும் கைவந்த வேலையாகிவிட்டது. இவ்வாறு கிடைக்கும் படத்தைச் செயல்திட்ட அட்டையிலோ செய்திப் பாணியிலான பதிவிலோ இடும்போது, அது இயந்திரம் மாற்றியது என்பதைப் பார்ப்பவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர்க்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எதை எழுதுவது, எங்கே எழுதுவது என்ற இரண்டிலும் குழப்பம் நீடிக்கிறது. இக்குழப்பம் நீங்க, செயலி உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

2016இல் புகழ்பெற்ற பிரிஸ்மா போன்ற செயலிகள் பாணி மாற்றம் என்னும் முறையைக் கையாண்டன. அதாவது முகத்தின் கோடுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின்மீது தூரிகைத் தடங்களையும் வண்ணத்தையும் ஏற்றின. இன்றைய செயலிகள் பலவும் செய்வது மறுவரைவு ஆகும்: அவை கொடுக்கப்பட்ட படத்தைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, தாம் ஏற்கெனவே பயின்ற கோடிக்கணக்கான படங்களின் பழக்கத்திலிருந்து ஒரு புதிய முகத்தை முதலிலிருந்து வரைகின்றன. ஆகவே கண்ணுக்கு ஒத்திருப்பதாகத் தோன்றும் முகத்தில்கூட, அம்மனிதர்க்கு உரியது எது, இயந்திரம் இட்டு நிரப்பியது எது என்பது வெளித்தெரிவதில்லை.

பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் உள்ள மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளில்தான் வழக்கமாக நடை திறக்கப்படும் என்பதால், அந்நாள்களில் கூடும் கூட்டத்தை நம்பிப் பூவும் மாவிளக்குச் சாமான்களும் விற்பவர்களைப் பற்றி அவ்வூர் மாணவர் ஒருவர் செயல்திட்டம் செய்வதாகக் கொள்வோம். முதிய பூக்காரம்மா ஒருவரைக் கடை முன் நிறுத்தி, ஒப்புதல் பெற்று எடுத்த படம், மாற்றப்பட்டு வந்தபின் அழகாகத்தான் இருக்கும். மூலப் படத்தையும் அதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கும்: இரு பக்கமும் இருந்த மூக்குத்திகளில் ஒன்று காணாமல் போயிருக்கும், நிறம் ஒரு படி வெளுத்து, கன்னத்துச் சுருக்கங்கள் குறைந்து, வயது பத்து ஆண்டு இறங்கியிருக்கும், நெற்றியில் பூசிய திருநீறும் குங்குமமும் ஒற்றைப் பொட்டாகச் சுருங்கியிருக்கும், பின்னால் தொங்கும் கடைப் பலகையின் தமிழ் எழுத்துகள் எம்மொழியும் அல்லாத கிறுக்கலாகியிருக்கும். எழுத்து, காது, விரல், நகை என்னும் நான்கையும் முதலில் பார்ப்பது நல்ல வழக்கம். இயந்திரத்தின் கை பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். அதைவிடச் சிறந்த சோதனை, படத்தை அந்த அம்மாவிடமே காட்டுவது. தன் மூக்குத்தி எங்கே என்று அவரே கேட்டுவிடுவார்.

இந்த ஒப்பீட்டைச் செய்த பிறகே குறிப்பை எழுத முடியும். 'செயற்கை நுண்ணறிவுப் படம்' என்று மட்டும் எழுதினால் அத்தகைய ஒருவர் உண்டா, முழுவதும் கற்பனையா என்பது விளங்காது. 'ஓவியம்' என்று மட்டும் எழுதினால் மாணவரே வரைந்ததாகப் பொருள்படும், அது ஆசிரியரின் மதிப்பெண்ணையும் தவறான வழியில் கொண்டுசெல்லும். மூலம் எது, செய்தது எது, மாறியது எது என்ற மூன்றையும் சொல்லும் குறிப்பே பயன்படும். மேற்கண்ட படத்துக்கு அது பின்வருமாறு அமையலாம்: 'சிறுவாச்சூர்க் கோயில் வாசலில் மாணவர் எடுத்த ஒளிப்படத்தைச் செயலி கொண்டு ஓவியப் பாணியில் மாற்றியது. நிறம், வயதுத் தோற்றம், நகை, கடைப்பலகை எழுத்து ஆகியவை மூலத்திலிருந்து மாறியுள்ளன.' மூலப் படத்தைச் சிறிய அளவிலேனும் அருகில் ஒட்டிவிட்டால் இரண்டாம் வாக்கியத்தின் வேலை பாதியாகக் குறையும்.

அட்டையில் இக்குறிப்பைப் படத்தின் நேர் கீழே, ஓரடி தள்ளி நிற்பவர் குனியாமல் படிக்கும் அளவில் எழுத வேண்டும். அட்டையின் பின்புறத்திலோ நன்றியுரையின் இறுதியிலோ எழுதுவது எழுதாமைக்குச் சமம். கைப்பேசியில் அனுப்பும் படத்துக்கு இது போதாது. வாட்ஸ்அப்பில் ஒரு படம் கைமாறும்போது அதன் கீழ் எழுதிய வாசகம் கழன்றுவிடக்கூடும். கோப்புக்குள் செயலி பதித்துவைக்கும் மறைவான மூலத் தகவலும், தளங்கள் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே குறிப்பு படத்தின் பரப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். அதையும் ஓரத்தில் ஒட்டி எழுதினால் வெட்டுப்படும், அடிவிளிம்பில் எழுதினால் ஸ்டேட்டஸின் பதில் பட்டை மறைக்கும் என்பதால், சற்றே உள்தள்ளி, முகத்தை மறைக்காத இடத்தில், பின்னணியோடு கலவாத நிறத்தில் அமைப்பது தக்கது. 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் படப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டை இத்தகைய குறிப்புக்கு ஒதுக்கச் சொல்லின. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த இறுதி விதிகள் அந்த அளவைக் கைவிட்டு, குறிப்பு கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டன. அவை முதன்மையாக இணையத் தளங்களுக்கு உரியவையே எனினும், ஊர்ப் பதிவொன்றுக்குப் பழைய 10 விழுக்காடு இன்றும் கைக்கொள்ளத்தக்க அளவுகோல்தான்.

வரலாற்று மாந்தர் படம் வேறு வகை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய முதலாம் இராசேந்திரனுக்கு ஐயமற்ற சமகால உருவப்படம் எதுவும் இல்லை. அக்கோயிலின் சண்டேசுர அனுக்கிரக சிற்பத்தில் சிவன் பூமாலை சூட்டும் அடியவரில் அம்மன்னனின் சாயலைக் காண்போர் உண்டு, ஆயினும் அது விளக்கமேயன்றிச் சான்றன்று. செயலி தரும் இராசேந்திரனோ பெரும்பாலும் திரைப்பட நடிகரின் தாடையும் வடநாட்டு மணிமுடியும் கொண்டு வருகிறான். இங்கே 'மாற்றப்பட்டது' என்பதே பிழை, மாற்றுவதற்கு மூலம் இல்லை. 'செயலியின் கற்பனை, எந்தச் சிற்பத்தையும் செப்பேட்டையும் ஆதாரமாகக் கொண்டதன்று' என்று எழுதுவதே நேர்மை. சிற்பத்தின் ஒளிப்படத்தையே ஒட்டுவது இன்னும் மேல்.

செய்திப் பாணிப் பதிவுகளில் அளவுகோல் கடுமையாக வேண்டும், ஏனெனில் அங்கே முகபாவமே செய்தி. 2023 மே 28 அன்று தில்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் ஆகியோர் காவல் வாகனத்தில் அமர்ந்திருந்த படம், அவர்கள் சிரிப்பதுபோல் செயலியால் திருத்தப்பட்டுப் பரவியது. மூலப் படத்தில் அவர்கள் சிரிக்கவில்லை என்பது வெளிவருவதற்குள் அவர்களைப் பழிக்கும் பதிவுகள் பெருகிவிட்டன. ஓவியப் பாணியும் இதே வேலையை எவரும் கருதாமலே செய்துவிடும்: அழுகை தளர்ந்து புன்னகையாகும், காயம் நிழலாகும். நாளேடுகள் பழைய படத்துக்குக் 'கோப்புப் படம்' என்றும், நிகழ்வை விளக்க வரைந்ததற்குச் 'சித்தரிப்புப் படம்' என்றும் இடும் வழக்கம் வாசகர்க்குப் பழகியது. பாணி மாற்றிய முகத்துக்குக் 'கோப்புப் படம்' என இடுவது பொய். 'சித்தரிப்புப் படம்' என இடலாம், அதனோடு 'செயலி வரைந்தது' என்பதும் சேர வேண்டும்.

சில பதிவுகளுக்கு எந்தக் குறிப்பும் போதாது. சிறுவாச்சூர் வழியே செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி அடையாளம் தெரியாதிருப்பவர், காணாமல் போன குழந்தை, குற்றம் சாட்டப்பட்டவர் ஆகியோரைப் பற்றிய பதிவில் மூலப் படத்தைத் தவிர வேறெதுவும் இடம்பெறக் கூடாது. மங்கலாக இருந்தாலும் அதுவே இட வேண்டியது.