ஸ்ட்ரீக் ஏறுகிறது, பேச்சு ஏறுகிறதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப், மோல்டிங் யூனிட், ஃபவுண்டரி என்று எங்கே போனாலும் மெஷினில் நிற்பவர்களில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் நிறையப் பேர். ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு வேலை நடக்கவாவது கொஞ்சம் இந்தி வேண்டும். அதனால் ஆவடி மார்க்கமாக வரும் மின்சார ரயிலில், பட்டரவாக்கம் இறங்குவதற்குள் ஒரு பாடம் முடித்துவிடலாம் என்று போனை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாடம் முடிகிறது, புள்ளிகள் ஏறுகின்றன, தொடர் நாட்கள் நூறைத் தாண்டுகின்றன. ஃப்ளோருக்குப் போய் வாயைத் திறந்தால் ‘மெஷின்… பந்த்…’ என்பதோடு நின்றுவிடுகிறது.

ஆப் ஏமாற்றுகிறதா, நாம் சரியாகப் படிக்கவில்லையா என்று வாதிட வேண்டியதில்லை. அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு ஒரு போனும் நான்கு வாரமும் போதும்.

புள்ளிகள் எதை அளக்கின்றன?

டுவோலிங்கோ போன்ற ஆப்களில் ஸ்ட்ரீக் என்பது நீங்கள் தினமும் வந்தீர்களா என்பதற்கான கணக்கு. வராத நாளிலும் அது அறுந்துபோகாமல் காப்பாற்ற ‘ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்’ உண்டு. லீக்கில் மேலே போக, தெரிந்த சுலபமான பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்தும் புள்ளி சேர்க்கலாம். பேசச் சொல்லும் பயிற்சி வந்தால் ‘இப்போது பேச முடியாது’ என்ற பொத்தானைத் தட்டிவிட்டு மேலே போகலாம். ரயில் கூட்டத்தில் எல்லாரும் அதைத்தான் தட்டுவார்கள். பாடம் அப்போதும் முடிந்ததாகவே கணக்கு. ஆக, ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுச் சொல்லாமல் மாதக்கணக்கில் ‘முன்னேற’ வழி இருக்கிறது.

இது ஆப் வந்த பிறகு முளைத்த சிக்கல் அல்ல. 1918-இல் சென்னையில் தொடங்கிய இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளை எழுதித் தேறியும், டெல்லிக்குப் போனால் ஆட்டோக்காரரிடம் பேசத் திணறுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. எழுத்துத் தேர்வு எழுத்தை அளந்தது, பேச்சை அளக்கவில்லை.

இதே இடைவெளி கனடாவிலும் தெரிந்தது. அங்கே ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தினார்கள். பல ஆண்டுகள் படித்த பிறகு அவர்கள் கேட்பதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. இதைக் கவனித்த மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன், கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, கற்பவர் தானே வாக்கியத்தைக் கட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் வேண்டும் என்று 1985-இல் எழுதினார். உங்கள் ஆப்பிலும் முதலில் தேட வேண்டியது அந்தக் கட்டாயத்தைத்தான்.

முதல் சோதனை: ஒரு பாடத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு பாடத்தை எடுத்து, திரை திரையாக ஒரு தாளில் கோடு போடுங்கள். மூன்று பத்திகள் போதும்.

முதல் பத்தி, கண்டுபிடிப்பது: கட்டங்களாகக் கிடக்கும் வார்த்தைகளை அடுக்குவது, நான்கில் ஒன்றைத் தொடுவது, ஜோடி சேர்ப்பது. இரண்டாவது, திருப்பிச் சொல்வது: திரையில் இருக்கும் வாக்கியத்தையோ காதில் விழுந்ததையோ அப்படியே சொல்வது. மூன்றாவது, கட்டிச் சொல்வது: எதிரில் மாதிரி எதுவும் இல்லாமல், சொல்ல வேண்டிய விஷயம் மட்டும் தரப்பட்டு, வாக்கியத்தை நீங்களே சொல்வது.

பேச்சுக்கு நேரடியாக உதவுவது மூன்றாவது பத்தி. அதில் ஒரு கோடுகூட விழவில்லையென்றால் அந்த ஆப் வார்த்தை சேர்க்கவும் காது பழகவும் உதவலாம். பேச்சுப் பயிற்சியை நீங்கள் வேறு இடத்தில் தேட வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பொறி இருக்கிறது. இந்தி வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், நம் தமிழைப் போலவே. அதனால் வார்த்தைக் கட்டங்களை அடுக்குவது நமக்குக் கை வந்த கலை; அர்த்தம் சரியாகத் தெரியாமலே சரியாக அடுக்கிவிடுவோம். திரை பச்சையாகும், வினைச்சொல் மட்டும் மனதில் தங்கியிருக்காது.

இரண்டாவது சோதனை: ஆப்புக்குக் காது இருக்கிறதா?

திருப்பிச் சொல்லும் பயிற்சியில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பாருங்கள். ‘மெஷின் பந்த் ஹோ கயீ’ என்று வந்தால் ‘கயா’ என்று முடியுங்கள். இந்தியில் மெஷின் பெண்பால், ஆகவே அது பிழை. அடுத்த வாக்கியத்தில் நடுவில் ஒரு வார்த்தையை விழுங்குங்கள். இரண்டுக்கும் பச்சை விழுந்தால், அந்த ஆப் தான் எதிர்பார்த்த வாக்கியத்துக்கு நீங்கள் சொன்னது ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அது தரும் பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இது ஆப்பின் காதைச் சோதிக்க மட்டும். ஃப்ளோரில் இந்த ஆண்பால் பெண்பால் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பீகார்க்காரர்கள் பேசும் இந்தியிலேயே அது அடிக்கடி கலைந்துதான் வரும்.

மூன்றாவது சோதனை: தேதி போட்ட ஒலிப்பதிவு

முக்கியமான சோதனை இதுதான். ஆப்பில் சேரும் முதல் நாளே, அல்லது ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இன்றைக்கே, போனின் ரெக்கார்டரில் மூன்று விஷயங்களைப் பேசிப் பதியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முன்தயாரிப்பு கூடாது, ஆப் பாடத்தில் வந்த தலைப்பும் கூடாது. உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள்.

பிரஸ் ஷாப்பில் இருக்கும் ஒரு சூப்பர்வைசரை எடுத்துக்கொள்வோம். முதல் விஷயம் உத்தரவு: பீஸில் பர் வருகிறது, மெஷினை நிறுத்து, டூல் ரூமில் சொல். இரண்டாவது நடந்ததைச் சொல்வது: நேற்று இரவு ஷிஃப்டில் எண்ணிக்கை ஏன் குறைந்தது. மூன்றாவது எச்சரிக்கை: டை சிக்கினால் கையை உள்ளே விடாதே, விட்டால் என்ன ஆகும்.

முதல் விஷயத்தில் அவர் சமாளித்துவிடுவார். பீஸ், மெஷின், டை, டூல் ரூம், ரிஜெக்ட் எல்லாம் இரு தரப்புக்கும் தெரிந்த ஆங்கில வார்த்தைகள். ‘பந்த் கரோ’ என்று சேர்த்துவிட்டால் எதிராளி நிறுத்திவிடுவான். இதைக் கேட்டு இந்தி வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது விஷயத்துக்கு வரும்போதுதான் குட்டு உடையும். ‘பந்த் கீ’ என்றால் ஒருவர் நிறுத்தினார். ‘பந்த் ஹோ கயீ’ என்றால் அதுவாக நின்றுவிட்டது. ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் இந்த வித்தியாசம் யார் தலையில் பழி என்பதையே தீர்மானிக்கும். ஆகவே பதிவைக் கேட்கும்போது பெயர்ச்சொற்களை விட்டுவிடுங்கள், வினைச்சொற்களை எண்ணுங்கள்.

தாளில் மூன்று விவரம் குறித்தால் போதும். ஒன்று, முழு வினையோடு முடிந்த வாக்கியங்கள் எத்தனை. இரண்டு, பேச்சு நின்று தேடிய இடங்கள் எத்தனை. மூன்று, முடியாமல் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிய இடங்கள் எத்தனை. பதிவுக்குத் தேதி போட்டு வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே வகையில் வேறு மூன்று விஷயங்களைப் பேசிப் பதியுங்கள். பழைய விஷயத்தையே மறுபடி பேசினால் மனப்பாடம்தான் வெளிவரும்.

நான்காவது சோதனை: அடுத்த கேள்வி

ரெக்கார்டர் எதிர்க்கேள்வி கேட்காது. ஆள் கேட்பான். அமெரிக்காவின் ஏ.சி.டி.எஃப்.எல். அமைப்பு நடத்தும் பேச்சுத் தேர்வில், பேட்டி எடுப்பவர் முதலில் நீங்கள் நிம்மதியாகப் பேசும் இடத்தைப் பிடிப்பார். பிறகு கேள்வியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கி, எங்கே உடைகிறீர்கள் என்று பார்ப்பார். உங்கள் நிலை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

இதை டீக்கடையிலேயே செய்யலாம். இந்தி பேசும் சக ஊழியர் ஒருவரிடம், ‘நான் சொல்வதற்கு மேல் இரண்டு கேள்வி கேள், எனக்கு எடுத்துக் கொடுக்காதே’ என்று சொல்லிவிடுங்கள். நேற்று மெஷின் நின்றதைச் சொல்கிறீர்கள். ‘எப்போது நின்றது?’ என்பது சுலபம். ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்பதில் பலரும் உடைவார்கள். எந்தக் கேள்வியில் உடைந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் ஒரு கேள்வி தள்ளி உடைந்தால், அது உண்மையான முன்னேற்றம்.

கேட்கும் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒடிசாக்காரருக்கும் இந்தி பெரும்பாலும் இரண்டாம் மொழி. அவர் மெதுவாகப் பேசுவார், உங்கள் அரைகுறையையும் புரிந்துகொள்வார். அது தொடக்கத்துக்கு நல்லது. அளவெடுக்கும் நாளில் மட்டும் இந்தியைச் சிறு வயதிலிருந்தே பேசியவரிடம் போங்கள்.

முடிவு எடுப்பது எப்படி

நான்கு வாரக் கடைசியில் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வினையோடு முடிந்த வாக்கியங்கள் கூடி, தாவல்கள் குறைந்திருந்தால் ஆப்பைத் தொடருங்கள். ஃப்ளோரிலும் தினம் பேசியிருந்தால் அந்த உயர்வு முழுவதும் ஆப்பால் வந்தது அல்ல, ஃப்ளோருக்கும் அதில் பங்கு உண்டு. வார்த்தைகள் மட்டும் கூடி வினைகள் கூடவில்லையென்றால், ஆப்பை நாளுக்குப் பத்து நிமிடமாகக் குறைத்து மீதி நேரத்தை வாய்க்குக் கொடுங்கள். எதுவுமே நகரவில்லையென்றால் ஸ்ட்ரீக் முந்நூறாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

வாய்க்குக் கொடுப்பதற்குச் சோதித்த வழி ஒன்று உண்டு. பால் நேஷன் போன்ற மொழி ஆசிரியர்கள் பரப்பிய 4/3/2 முறையில் ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, கடைசி ஆளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். விஷயம் மாறாததால் மனம் வாக்கியம் கட்டுவதில் மட்டும் குவியும். நேரம் சுருங்குவதால் தேடும் இடைவெளிகள் குறையும். புதிதாகத் தொடங்குபவர் இரண்டு, ஒன்றரை, ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மெஷின், மூன்று ஆட்கள், ஒரே ஷிஃப்ட் விவரம்: சூப்பர்வைசருக்கு இதற்கென்று தனி நேரம்கூட வேண்டாம்.

ஆண்டுச் சந்தாவுக்கு ஆப் தள்ளுபடி காட்டினால், இரண்டாவது பதிவைக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். அதுவரை இலவசமோ மாதச் சந்தாவோ போதும்.