மனோன்மணீயம்: பாத்திர அட்டவணையும் கருத்து அட்டவணையும்

நுழையுமுன்

நாடகம் ஒன்றைப் படித்து முடித்தபின் கதை நினைவில் நிற்கும். யார், எங்கே, யாரிடம் பேசினார் என்பது நிற்பதில்லை. தேர்வில் 'குடிலனின் பண்பை விளக்குக' என்று வினவினால், 'குடிலன் சூழ்ச்சிக்காரன்' என்ற ஒரு தொடரையே பலவாறு மாற்றி எழுதி இரண்டு பக்கங்களை நிரப்பும் விடைகள் பல. அவ்விடைகளில் பிழை இல்லை, சான்றுதான் இல்லை. சான்றைக் களவாரியாகத் திரட்டி வைக்கும் முறையை, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயத்தைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

நூல்

1891ஆம் ஆண்டு வெளிவந்த இக்கவிதை நாடகம் ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது. பெரும்பகுதி ஆசிரியப்பாவால் அமைந்தது. இதன் தொடக்க வாழ்த்துப் பகுதியிலிருந்தே நாம் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கதைச் சுருக்கம் இது. பாண்டிய மன்னன் சீவகன், அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை எழுப்பி அங்கே தங்குகிறான். குலகுருவாகிய சுந்தரமுனிவர் வரவிருக்கும் தீங்கை முன்னுணர்ந்து, கோட்டைக்குள்ளிருந்து தம் ஆசிரமம் வரை ஒரு சுரங்க வழியை மறைவாக அமைக்கிறார். சீவகன் மகள் மனோன்மணியும் சேர மன்னன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் கண்டு காதல் கொள்கின்றனர். முனிவர் அம்மணத்தைப் பரிந்துரைக்கிறார். குடிலனோ நாஞ்சில் நாட்டு உரிமை என்னும் வழக்கை இடையில் நுழைத்து, தன் மகன் பலதேவனையே தூதனாக அனுப்புகிறான். தூது போராக முடிகிறது. போரில் சீவகன் தோற்கிறான்.

அட்டவணையில் எதை எழுதுவது?

பாத்திர அட்டவணை என்றதும் பெயர், பண்பு, சான்று என மூன்று பத்திகள் இடுவது வழக்கம். மனோன்மணீயத்துக்கு அது போதாது. இந்நாடகத்தில் ஒருவர் வெளிப்படச் சொல்வதும் உள்ளத்தில் எண்ணுவதும் வேறுவேறாக இருக்கும் இடங்களே கதையை நகர்த்துகின்றன. ஆகவே, எந்தக் களம், யாரிடம் பேசுகிறார், வெளியே சொல்வது யாது, உள்ளே எண்ணுவது யாது, அதனால் விளைந்தது யாது என ஐந்து பத்திகள் வேண்டும். உள்ளே எண்ணுவதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நாடக ஆசிரியர் தனிமொழியாக அதைத் தந்திருப்பார். மன்னன் அகன்றதும் குடிலன் தனித்து நின்று பேசும் பகுதிகளைத் தேடுங்கள். நான்காம் பத்தியை நிரப்பும் சான்று அங்கேதான் உள்ளது.

குடிலனுக்குரிய வரிசை பின்வருமாறு அமையும். களத்தின் எண்ணை உங்கள் நூற்படியைப் பார்த்து நீங்களே நிரப்புக.

| களம் | யாரிடம் | வெளியே சொல்வது | உள்ளே எண்ணுவது | விளைவு |
|---|---|---|---|---|
| தூது பற்றிய ஆலோசனை | சீவகன் | நாஞ்சில் நாட்டின் மீது பாண்டியனுக்கு உரிமை உண்டு. அதைத் தூதில் கேட்க வேண்டும் | மணம் தடைப்பட வேண்டும். அரசு தன் கைக்கு வர வேண்டும் | பலதேவன் தூதனாகிறான் |
| போருக்குப் பின் | சீவகன் | தோல்விக்குக் காரணம் நாராயணன் | உண்மை உரைப்பவனை அகற்ற வேண்டும் | நாராயணன் தண்டனைக்கு உள்ளாகிறான் |
| சுரங்க வழியில் | புருடோத்தமன் | பாண்டியனை உன்னிடம் ஒப்படைக்கிறேன் | அரியணையை விலையாகப் பெற வேண்டும் | குடிலன் விலங்கிடப்படுகிறான் |

மூன்றாம் வரியைச் சற்று நின்று பாருங்கள். முதல் இரண்டு வரிகளில் வெளிச்சொல்லும் உள்ளெண்ணமும் முற்றிலும் வேறு. மூன்றாவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. தன் எண்ணத்தைக் குடிலன் முதன்முதலாகப் பிறர் ஒருவரிடம் திறந்து சொல்கிறான். சொன்ன அளவிலேயே அகப்படுகிறான். 'சூழ்ச்சிக்காரன்' என்ற சொல்லுக்குள் அடங்காத செய்தி இது. அட்டவணை இட்டதனால்தான் கண்ணில் படுகிறது.

சீவகனுக்கு ஒரு வரி போதாது

பாலவாக்கத்தில் ஒரு பதினொன்றாம் வகுப்பில் இவ்வட்டவணையை அமைத்தபோது, ஒரு குழுவினர் சீவகனுக்கு நேரே 'ஏமாளி' என ஒரே சொல்லை எழுதி முடித்துவிட்டனர். அதே வகுப்பில் ஒரு மாணவி, "ஐயா, ஏமாளி என்றால் முனிவர் சொல்லையும் அல்லவா அவன் நம்பியிருக்க வேண்டும்?" என்று வினவினாள். நல்ல வினா. சீவகன் எல்லாரையும் நம்புபவன் அல்லன். முனிவரிடம் அவனுக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும், கோட்டை வேண்டா என்பது போன்ற கசப்பான அறிவுரையைக் காட்டிலும், கோட்டையைப் புகழும் சொல் அவனுக்கு இனிக்கிறது. அவன் குறை, நம்பிக்கை மிகுதி அன்று; புகழ்ச்சியை உண்மையென்று கொள்வது.

இக்குறையும் நாடகம் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஆகவே சீவகனை அங்கவாரியாகப் பிரித்து எழுத வேண்டும். முதல் அங்கத்தில் கோட்டையின் பெருமிதத்தில் திளைக்கும் மன்னன்; நான்காம் அங்கத்தில் படையினர் முன் வீரவுரை ஆற்றும் மறவன்; தோற்றபின் மானம் பொறாது உயிர்விடத் துணியும் மானி; அதன்பின்னும் குடிலனையே நாடி அறிவுரை கேட்பவன். இறுதி நிலையே மிகவும் வருந்தத்தக்கது. தோல்விகூட அவன் கண்ணைத் திறக்கவில்லை என்பதை அந்த வரிதான் காட்டும். அட்டவணையின் பெருங்குறை இங்கே தெரிகிறது: கட்டத்துக்குள் எழுதிய பண்பு அசையாமல் நின்றுவிடும்; மேடையில் நிற்கும் மனிதன் மாறிக்கொண்டிருப்பான்.

நாராயணன், நடராசன், வாணி, அவள் தந்தை சகடன் ஆகியோருக்கு ஒரு வரி போதும். வாணி நடராசனை விரும்புகிறாள். தந்தையோ பலதேவனுக்கு அவளை மணம்முடிக்க எண்ணுகிறார். மனோன்மணிக்கு நேரவிருப்பதே வாணிக்கு முன்னரே நேர்கிறது என்று குறித்துக்கொள்க.

கருத்து அட்டவணை

கருத்து அட்டவணையில் மேல்வரிசையில் கருத்தும் பக்கவரிசையில் பாத்திரங்களும் வரும். 'அன்பு', 'வீரம்', 'அறம்' என்று எழுதினால் எந்த நாடகத்துக்கும் பொருந்தும். ஆதலால் இந்நாடகத்துக்குப் பயன் இல்லை. இந்நூலுக்கே உரிய கருத்து ஒன்றை எடுப்போம்: மறைவு. கதையின் மூலமே 'இரகசிய வழி' அல்லவா?

இப்போது பாத்திரங்களை நிரப்புங்கள். குடிலன் தன் ஆசையை மறைக்கிறான். மனோன்மணி தன் கனவை மறைக்கிறாள். முனிவர் சுரங்கத்தை மறைக்கிறார். நடராசன் அப்பணியில் துணைநின்று மறைக்கிறான். நல்லவர், தீயவர் இருவர் கட்டங்களும் நிரம்பிவிடுகின்றன. காலியாக நிற்பது சீவகன் கட்டம் மட்டுமே. மறைக்கத் தெரியாதவன் அவன். முனிவர் தன்னிடம் ஒப்படைத்த சுரங்க மறையையும் குடிலனிடம் கொட்டிவிடுகிறான்.

காலியான கட்டத்தை மாணவர் பெரும்பாலும் பிழை என்று கருதி எதையாவது எழுதி நிரப்பிவிடுவர். அவ்வாறு செய்யற்க. இங்கே கதையின் திருப்பமே அக்காலிக் கட்டத்தில்தான் இருக்கிறது. சீவகன் சொல்லியிராவிட்டால் குடிலன் சுரங்கத்தில் இறங்கியிருக்க மாட்டான். இறங்கியிராவிட்டால் புருடோத்தமன் அவ்வழியே மணக்கூடத்துக்கு வந்திருக்க மாட்டான். பலதேவனுக்கென ஏற்பாடான மணத்தில் மனோன்மணி தான் கனவில் கண்டவனை நேரில் கண்டு அவனுக்கு மாலையிடுகிறாள். முனிவர் காப்பதற்கு அமைத்த வழி, காட்டிக்கொடுப்பவன் காலால் நடக்கப்பட்டு, முனிவர் விரும்பிய மணத்திலேயே முடிகிறது.

மேற்கோள் நினைவில் நிற்க

ஒவ்வொரு முதன்மைப் பாத்திரத்துக்கும் இரண்டு முதல் நான்கு அடிகள் போதும். பொன்மொழி போன்று தனித்து ஒலிக்கும் அடியைக் காட்டிலும், அட்டவணையில் 'வெளியே', 'உள்ளே' என்னும் இரு பத்திகளுக்கும் சான்றாகும் அடிகளைத் தேர்க. குடிலனுக்கு மன்னன் முன் பேசும் இரண்டடியும் தனிமொழியில் இரண்டடியும் எடுத்தால், முரணை நீங்கள் விளக்கும் முன்பே அடிகள் விளக்கிவிடும். அடியின் கீழே கூறுபவர், கேட்பவர், களம் மூன்றையும் எழுதி, அடியோடு சேர்த்தே மனனம் செய்க. குடிலன் சீவகனிடம் கூறும் புகழ்மொழியை ஆசிரியரின் கருத்தாக எடுத்தாண்டு மதிப்பெண் இழந்த விடைகளைத் திருத்துவோர் அறிவர்.

நினைவிலிருந்து எழுதிய அடி சரிதானா என்று சோதிக்க யாப்பு உதவும். ஆசிரியப்பாவின் அடி நாற்சீர் அடி. எழுதிப் பார்த்தபின் சீர்களை எண்ணுக. மூன்றே சீர் இருப்பின் ஒரு சொல் விடுபட்டிருக்கலாம். நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி மட்டும் முச்சீரால் வரும் என்பதை மறவற்க. முதற்சீரின் இரண்டாம் எழுத்தை அடுத்த அடியின் முதற்சீரோடு ஒப்பிட்டு எதுகையைப் பார்க்க; ஒன்றிலிருந்து மற்றதை மீட்கலாம். எல்லா அடிகளிலும் எதுகை வருவதில்லை என்பதால் இது துணைச்சான்றே. ஓரடி இருவர் பேச்சாகப் பிரிந்து நிற்கும் இடத்தில் மட்டும், அடியை ஒருவர் வாயில் வைத்துவிடாமல் எச்சரிக்கையாக இருங்கள்.

செயல்பாடு

1. பலதேவன் சேரன் அவைக்குத் தூது செல்லும் களத்தைப் படித்து, அவனுக்குரிய ஐந்து பத்தி வரிசையை எழுதுக. அவனுடைய 'உள்ளே' பத்திக்குச் சான்று கிடைக்கிறதா? கிடைக்கவில்லையெனில் ஏன்?

2. 'தந்தையின் சொல்' என்னும் கருத்துக்கு மனோன்மணி, வாணி, பலதேவன் ஆகிய மூவர் கட்டங்களையும் நிரப்புக. ஒவ்வொன்றுக்கும் உங்கள் நூற்படியிலிருந்து இரண்டடி தேர்ந்து, சீர் எண்ணிச் சரிபார்த்து எழுதுக.

3. சுந்தரமுனிவர் சுரங்கத்தை மன்னனிடமிருந்து மறைத்தது முறையா? முறை என்போரும் முறையன்று என்போரும் தத்தம் அட்டவணையிலிருந்து மூன்று களங்களைக் காட்டி வகுப்பில் வாதிடுக.